பதினைந்து நிமிடமும் நடக்கும் தூரமும்: நிறுவன நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்களை வைத்து நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும்,

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களுக்குச் சட்ட ஆலோசனையும் தாய்ப்பால் ஆலோசனையும் சொல்கிறவர்கள் நாங்கள். அண்மையில் ஒரு நிறுவனத்தின் சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்தது. பெயர் வேண்டாம். அதில் இருப்பது மூன்றே செய்திகள். பாலூட்டும் பெண்கள் உணவு இடைவேளையையும் தேநீர் இடைவேளையையும் அதற்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். குழந்தைகள் காப்பகத்துக்குப் பதிலாக மாதம் ஒரு தொகை சம்பளத்தோடு சேரும். இவை தவிர வேறு நேரத்தில் குழந்தையைப் பார்க்கப் போனால், அந்த நேரத்தை மாலையில் ஈடுகட்ட வேண்டும்.

இந்த மூன்றும் சட்டத்துக்குப் புறம்பானவை என்றே நாங்கள் கருதுகிறோம். இதே ஏற்பாட்டை வெவ்வேறு சொற்களில் வேறு பல நிறுவனங்களிலும் பார்க்கிறோம். அதனால்தான் இதை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை ஒரு நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தர வேண்டும் என்றது. அதே வரியில் இன்னொரு சொற்றொடரும் உண்டு: அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஓய்வு இடைவேளைக்கு மேலாக. சுற்றறிக்கை எழுதியவர் கண்ணில் படாமல் போனது இதுதான். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 66-ஆம் பிரிவிலும் இந்த உரிமை தொடர்கிறது. பழைய சட்டம் போய்விட்டது, எனவே பழைய கடமையும் போய்விட்டது என்று சில அலுவலகங்களில் சொல்லக் கேட்கிறோம். பிரிவு எண் மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை. பாலூட்டும் இடைவேளைக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது என்ற விதியும் 69-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது.

இடைவேளை எவ்வளவு நேரம்? 1963-இல் சுரங்கங்களுக்கும் சர்க்கஸ்களுக்கும் மத்திய அரசு வகுத்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் என்றன. குழந்தை இருக்கும் இடத்துக்குப் போய்வர, தூரத்தைப் பொறுத்து, ஐந்து நிமிடத்துக்குக் குறையாமலும் பதினைந்து நிமிடத்துக்கு மிகாமலும் கூடுதல் நேரம் தரச் சொன்னன. பல மாநில விதிகளும் இதே அளவைத்தான் எடுத்துக்கொண்டன. ஆக, பதினைந்து நிமிடம் என்பது குழந்தை மடியில் இருக்கும் நேரம். நடை அதற்கு வெளியே. பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் அந்தப் பதினைந்துக்குள்ளேயே நடையையும் அடக்கிவிடுகிறார்கள்.

காப்பகம் பற்றியது 2017 திருத்தத்தில் வந்தது. இப்போது அது 67-ஆம் பிரிவு. ஐம்பது ஊழியர்கள் உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும், அந்த நான்கில் ஓய்வு இடைவேளையும் சேரும். இங்கே எண்ணிக்கையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "எங்களிடம் பெண்கள் பன்னிரண்டு பேர்தானே" என்கிறார்கள். பழைய தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் என்று கணக்கிட்டதால் வந்த பழக்கம் இது. 67-ஆம் பிரிவு எண்ணுவது ஊழியர்களை. ஆணும் பெண்ணும் சேர்த்து ஐம்பது. அந்தக் கணக்கில் ஒரு நியாயமும் இருக்கிறது. பெண்களை மட்டும் எண்ணினால், ஒரு பெண்ணைக் குறைவாக எடுத்தால் காப்பகச் செலவு மிச்சம் என்று யோசிக்க வழி பிறக்கும். எல்லோரையும் எண்ணும்போது அந்த வழி அடைபடுகிறது.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐம்பது என்ற வரம்பு காப்பகத்துக்கு மட்டும்தான். பாலூட்டும் இடைவேளைக்கு அந்த வரம்பு கிடையாது. பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் சட்டத்தின் இந்த அத்தியாயம் பொருந்தும். அங்கே காப்பகம் இல்லாமல் இருக்கலாம், இடைவேளை இல்லாமல் இருக்க முடியாது.

இனி ஒரு பெண்ணின் வேலைநாளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இருபத்தாறு வார விடுப்பில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். எட்டையும் எடுத்தவள், சொன்ன தேதியில் பிரசவமானால், குழந்தைக்குப் பதினெட்டு வாரம் ஆகும்போது வேலையில் இருப்பாள். நான்கு மாதத்துக்குச் சற்றே கூடுதல். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் அவள் திரும்பி வரும் நாளில் குழந்தைக்குத் தண்ணீர்கூடத் தருவதில்லை, முழு ஆகாரமும் அவள்தான். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ளவளுக்கு விடுப்பே பன்னிரண்டு வாரம். பிரசவத்துக்கு முன் ஆறு வாரத்தை எடுத்துவிட்டால், ஆறு வாரக் குழந்தையை விட்டுவிட்டு வருகிறாள்.

வேலை காலை 9 முதல் மாலை 5:30 வரை. உணவு இடைவேளை 1:00 முதல் 1:30 வரை. காப்பகம் வளாகத்துக்குப் பக்கத்தில், நடந்தால் ஐந்து நிமிடம். அவள் 8:40-க்குப் பாலூட்டிவிட்டுக் குழந்தையை அங்கே விடுகிறாள். சட்டப்படி நடந்தால் 11 மணிக்கு முதல் பாலூட்டும் இடைவேளை, 1:05-க்கு உணவு இடைவேளையில் ஒருமுறை, 3:30-க்கு இரண்டாவது பாலூட்டும் இடைவேளை, வேலை முடிந்து 5:35-க்கு மீண்டும். எந்த இரண்டு வேளைக்கும் இடையில் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. நான்கு மாதக் குழந்தையின் வயிற்றுக்கு இது ஒத்துவரும். நான்காவது வருகை கையில் மிச்சம் இருக்கிறது. குழந்தை விடாமல் அழுகிறது, உடம்பு சுடுகிறது என்று காப்பகத்திலிருந்து தகவல் வரும் நாளுக்கு அது வேண்டும்.

அதே நாளைச் சுற்றறிக்கைப்படி நடத்திப் பாருங்கள். 8:40-க்குப் பிறகு 1 மணிக்குத்தான் பால். அதற்குப் பிறகு 5:35. ஒவ்வொன்றும் நாலேகால் மணி நேரத்துக்கு மேல். பத்து நிமிடத் தேநீர் இடைவேளை போகவும் வரவுமே சரியாகப் போய்விடும் என்பதால் அதைக் கணக்கில் எடுக்கவே முடியாது. அரை மணி நேர உணவு இடைவேளையில் நடைக்குப் பத்து, பாலூட்ட பதினைந்து போக, சாப்பிட ஐந்து நிமிடம் மிஞ்சும். ஒரு நாளின் பாலைச் சுரக்க வேண்டிய உடம்புக்கு அந்த ஐந்து நிமிடச் சாப்பாடு.

இதனால் என்ன ஆகும் என்பது அவள் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும், அலுவலகத்தில்தான் தெரிவதில்லை. மூன்று நான்கு மணி நேரம் எடுக்கப்படாமல் இருக்கும் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். இறுகும், வலிக்கும், சட்டை நனையும். சில நாள் தொடர்ந்து இப்படி நடந்தால் ஓர் இடத்தில் கட்டியாகத் திரண்டு, சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். காய்ச்சல் வராதவளுக்கும் இழப்பு உண்டு. மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கும். பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். சில வாரங்களில் "எனக்குப் பால் வற்றிவிட்டது" என்று அவள் சொல்லும்போது எல்லோரும் அவள் உடம்பைக் காரணம் சொல்கிறார்கள். வேலைநேர அட்டவணையை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

அடுத்து தூரம். பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டு நெறிகள், காப்பகம் பணியிடத்திலோ அதன் அருகிலோ, 500 மீட்டருக்குள் இருக்கச் சொல்கின்றன. தாயின் வீட்டுப் பக்கத்திலும் அமையலாம் என்கின்றன. 500 மீட்டரைச் சாதாரண நடையில் கடக்க ஆறேழு நிமிடம். போய்வரப் பன்னிரண்டு பதிமூன்று. விதி அனுமதிக்கும் அதிகபட்ச நடைநேரம் இதிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஏழாவது மாடியிலிருந்து லிப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும், வாசலில் பை சோதனை, காப்பகத்தில் செருப்பைக் கழற்றி, கை கழுவி, பதிவேட்டில் கையெழுத்து. வரைபடத்தில் கோடு போட்டு அளந்த தூரத்தை நம்பி இடம் பிடித்த நிறுவனங்களில், பாலூட்டும் நேரம் பதினைந்திலிருந்து ஏழெட்டு நிமிடமாகச் சுருங்கிக் கிடக்கிறது. அளக்க வேண்டியது அவள் நாற்காலியிலிருந்து குழந்தையின் தொட்டில்வரை. வேலை நாளில் காலை 11 மணிக்கு, கையில் கடிகாரத்தோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்களுக்குத் தெரிந்து இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை.

பணமாகத் தருவதையும் இதே அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். சட்டம் கேட்பது வசதி, அதோடு நான்கு வருகை. பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்பகத்துக்குக் கட்டணம் செலுத்த மாதப்படி கொடுத்தால் நான்கு வருகையில் ஒன்றுகூட நடக்காது. சின்ன நிறுவனத்துக்குத் தனியாகக் காப்பகம் நடத்துவது சுமைதான், அதை மறுக்கவில்லை. அதற்கும் 67-ஆம் பிரிவே வழி சொல்கிறது. அரசு, நகராட்சி, தனியார் அல்லது தொண்டு நிறுவனம் நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்தலாம், பல நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்து ஒன்றை நடத்தலாம். ஒரே தொழிற்பேட்டையிலோ ஒரே கட்டடத்திலோ இருக்கும் நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்தால் தூரமும் குறையும், செலவும் குறையும்.

இடமும் தூரமும் சரியாக இருந்தும் பயன்படாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் அதிகம் மல்லுக்கட்டுவது அதனோடுதான். அந்த 2018 வழிகாட்டு நெறிகள் பேசுவது ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளைப் பற்றி. இதைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதம் ஆகாத குழந்தையைச் சேர்க்க மாட்டோம் என்று காப்பகம் நடத்துகிறவர்கள் கதவை மூடுகிறார்கள். தாயோ பதினெட்டாவது வாரத்தில் வந்து நிற்கிறாள். 67-ஆம் பிரிவில் அப்படியொரு கீழ்வயது இல்லை. பால் மட்டுமே குடிக்கும் வயதில், தாய் மிகவும் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு மாதத்தில், அவளுக்கு இடம் இல்லை என்றாகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் காப்பக நிறுவனத்திடம் குறைந்தபட்ச வயது என்ன என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் பார்க்காமலேயே கையெழுத்தாகியிருக்கும்.

குழந்தை வீட்டில் இருந்தால், அல்லது காப்பகம் இல்லாத சிறு நிறுவனமாக இருந்தால், அந்த இரண்டு இடைவேளையில் தாய் பாலை எடுத்துச் சேமிப்பாள். இரட்டை மின் பம்பில் பதினைந்து இருபது நிமிடம், கையால் என்றால் அரைமணி நேரம்கூட ஆகும். பதற்றத்தில் பால் இறங்காது. கதவு எப்போது திறக்குமோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவளுக்கு நேரம் இரட்டிப்பாகும். அதனால் உள்ளே தாழ் போடக்கூடிய ஓர் அறை வேண்டும். சாய்மானமுள்ள நாற்காலி, சிறு மேசை, மின்சாரப் புள்ளி, பக்கத்திலேயே குழாய், ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி, அவ்வளவுதான். எடுத்த பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம்வரை தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள். வெக்கையான தொழிற்கூடத்தில் வெளியே வைக்கவே கூடாது, எடுத்த கையோடு குளிரில் வைத்துவிட வேண்டும். பெயரும் நேரமும் எழுதி ஒட்டினால் குழப்பம் வராது. கழிப்பறையை இதற்குக் காட்டுகிற நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. குழந்தை வாயில் போகும் உணவு அது. உங்கள் சமையற்கூடத்தைக் கழிப்பறையில் வைக்க மாட்டீர்கள்.

பாலூட்டும் அறை என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே பழைய கணினிகளை அடுக்கி, சாவியைக் காவலரிடம் கொடுத்துவைத்திருப்பதும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆணிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும் என்றால் இரண்டாவது நாளே அவள் கேட்பதை நிறுத்திவிடுவாள். அந்த அறையை யாரும் பயன்படுத்துவதில்லை என்று பிறகு உங்களுக்கு அறிக்கை வரும்.

கடைசியாகச் சம்பளம். பிடித்தம் செய்யக் கூடாது என்பதை நீங்கள் பட்டியலில் மதிக்கிறீர்கள், டார்கெட்டில் மதிப்பதில்லை. தையல் லைனில் நிமிடத்துக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வேலைநாளில் உணவு இடைவேளை போக 480 நிமிடம், எனவே டார்கெட் 480. இரண்டு பாலூட்டும் இடைவேளை, நடையோடு சேர்த்து இருபத்தைந்து நிமிடம் வீதம், ஐம்பது நிமிடம். அவளுடைய டார்கெட் 430 ஆக வேண்டும். அதை 480-ஆகவே வைத்துவிட்டு, ஐம்பது துண்டு குறைந்தது என்று ஊக்கத்தொகையை வெட்டினால், சட்டம் தடுத்த பிடித்தம் பின்வாசல் வழியாக வந்ததாகத்தான் அர்த்தம். அவள் எழுந்து போகும் நேரத்தில் மெஷினில் உட்கார மாற்று ஆள் இல்லையென்றால் லைன் தேங்கும், பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அவள் தானாகவே போகாமல் இருந்துவிடுவாள். கால் சென்டரில் இதே கதை லாக்-இன் நேரமாக வரும். இடைவேளைக்குத் தனிக் குறியீடு இல்லாவிட்டால், கணினி அதைச் சும்மா இருந்த நேரம் என்று பதிவு செய்து மதிப்பெண்ணைக் குறைக்கும். யாரும் தண்டிக்க நினைக்காமலேயே தண்டனை நடந்துவிடும்.

உங்கள் நிறுவனத்தில் இது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, காப்பகத்தின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். தாய்மார்களின் கையெழுத்து எல்லாம் ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவிலேயே இருந்தால், பாலூட்டும் இடைவேளை காகிதத்தில் மட்டும் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையே பட்டியலில் இல்லையென்றால், வாசலில் எங்கோ தடை இருக்கிறது.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. பாலூட்டும் இடைவேளையை உணவு, தேநீர் இடைவேளையோடு சேர்த்து வெளியிட்ட சுற்றறிக்கைகளை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அவற்றின்படி ஈடுகட்ட வைத்த நேரத்துக்கும் வெட்டிய தொகைக்கும் உரிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுங்கள். விடுப்பு முடிய நான்கு வாரம் இருக்கும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கடிதம் போகட்டும். இரண்டு இடைவேளைகளின் நேரம், நடைக்கான கூடுதல் நிமிடம், நான்கு வருகை, காப்பகத்தின் இடம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் முடியும் தேதி, இவ்வளவும் அதில் தமிழில் இருக்க வேண்டும். நேரத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும், ஏனென்றால் குழந்தையின் பசி நேரம் அவளுக்குத்தான் தெரியும்.

காப்பக ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்ற கீழ்வயதை நீக்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களாகத் துப்புரவும் சமையலும் செய்யும் பெண்களின் குழந்தைகளையும் அங்கே சேருங்கள், 2018 நெறிகளும் அதைத்தான் சொல்கின்றன. காப்பகம் இருக்கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள், மாற்றும்வரை உண்மையான நடைநேரத்தைக் கொடுங்கள். மாற்று ஆளையும் குறைத்த டார்கெட்டையும் சூப்பர்வைசரின் மனதுக்கு விடாமல் ஷிப்ட் அட்டவணையிலேயே எழுதுங்கள்.

இவற்றைச் செய்து முடிக்க அறுபது நாள் போதும் என்று கருதுகிறோம். அதற்குள் என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் அறிவிப்புப் பலகையில் தேதியோடு ஒட்டுங்கள். ஒட்டாத இடங்களில், எங்களிடம் வரும் பெண்கள் விரும்பினால், அவர்கள் சார்பில் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தருவோம். வருகைப் பதிவேட்டின் நகலையும் 11 மணிக்கு நடந்து அளந்த நிமிடக் கணக்கையும் அதனுடன் இணைப்போம்.

இப்படிக்கு,
பணிக்குத் திரும்பும் தாய்மார்களுக்கான சட்ட, தாய்ப்பால் ஆலோசகர்கள்